விகிதமும் விகிதசமமும்: சமையல் அளவும் பெயிண்ட் கலவையும் வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விகிதப் பாடம் வந்தாலே அதே சந்தேகங்கள்தான் வேறுவேறு குரலில் வரும். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் இரண்டே உதாரணங்கள்தான்: ஒரு கேக் மாவு, நீலமும் வெள்ளையும் சேர்ந்த பெயிண்ட். வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் கேள்விகள் சுலபமாக இருக்கும்.

சார், விகிதம்னா என்ன? எது எவ்வளவு அதிகம்னு கழிச்சுப் பாக்கிறதுதானே?

கழித்துப் பார்ப்பதும் ஓர் ஒப்பீடுதான். ஆனால் அது விகிதம் இல்லை. கழித்தால் "எவ்வளவு அதிகம்" என்பது தெரியும். வகுத்தால் "எத்தனை மடங்கு" என்பது தெரியும். விகிதம் மடங்கைப் பற்றியது.

2 லிட்டர் நீலமும் 3 லிட்டர் வெள்ளையும் கலந்தால், நீலத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள விகிதம் 2:3. அதாவது நீலம் 2 பங்கு எடுக்கும்போதெல்லாம் வெள்ளை 3 பங்கு எடுக்க வேண்டும். ஒரு பங்கு என்பது ஒரு லிட்டராக இருக்கலாம், ஒரு கரண்டியாக இருக்கலாம், ஒரு சொட்டாகக்கூட இருக்கலாம். இரண்டுக்கும் அதே கரண்டி, அதே சொட்டு என்றிருந்தால் போதும், கிடைக்கும் நிறம் மாறாது. 2:3, 4:6, 20:30 எல்லாம் ஒரே நிறம். இவற்றைத்தான் சமான விகிதங்கள் என்கிறோம். இரண்டு விகிதங்கள் சமமாக இருந்தால் அவை விகிதசமத்தில் இருக்கின்றன என்று சொல்லுவோம்.

2:3ன்னு எழுதினா என்ன, 3:2ன்னு எழுதினா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. எதை முதலில் சொன்னோமோ அதன் எண்தான் முதலில் வரும். "நீலம், வெள்ளை 2:3" என்றால் வெளிர்நீலம். "நீலம், வெள்ளை 3:2" என்றால் அதைவிட அடர்ந்த நீலம். விகிதத்தை எழுதும்போதே மேலே பெயர்களையும் எழுதி வையுங்கள். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் பெருக்கல் பிழையால் அல்ல, இந்தப் பெயர் இடம் மாறுவதால்தான்.

2:3ன்னா கலவையில மூணுல ரெண்டு பங்கு நீலம்னு அர்த்தமா?

இல்லை, ஐந்தில் இரண்டு பங்கு. 2 பங்கு நீலம், 3 பங்கு வெள்ளை, மொத்தம் 5 பங்கு. ஆகவே கலவையில் நீலம் 2/5, வெள்ளை 3/5. சதவீதத்தில் சொன்னால் நீலம் 40, வெள்ளை 60.

அப்படியானால் 2/3 என்ற பின்னத்துக்கு அர்த்தமே இல்லையா என்றால், இருக்கிறது. "வெள்ளையின் அளவில் 2/3 பங்கு நீலம்" என்பது அது. ஒன்று பங்கை இன்னொரு பங்கோடு ஒப்பிடுகிறது, மற்றது பங்கை மொத்தத்தோடு ஒப்பிடுகிறது. கணக்கில் "15 லிட்டர் கலவை வேண்டும்" என்று மொத்தம் கொடுத்திருந்தால் முதலில் பங்குகளைக் கூட்டுங்கள். 5 பங்குக்கு 15 லிட்டர் என்றால் ஒரு பங்கு 3 லிட்டர், நீலம் 6, வெள்ளை 9. "15 லிட்டர் வெள்ளை இருக்கிறது" என்று கொடுத்திருந்தால் 3 பங்குக்குத்தான் 15 லிட்டர். ஒரு பங்கு 5 லிட்டர், நீலம் 10. கேள்வியில் ஒரு சொல் மாறினால் விடையே வேறு.

4 பேருக்கான கேக்கை 6 பேருக்குச் செய்யணும். ரெண்டு பேர்தானே கூடுதல், எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு கூட்டினா என்ன?

செய்து பாருங்கள். 4 பேருக்கான அளவு இது: மாவு 300 கிராம், பால் 200 மி.லி., சர்க்கரை 100 கிராம், முட்டை 2. ஒவ்வொன்றிலும் 2 கூட்டினால் மாவு 302 கிராம், பால் 202 மி.லி., சர்க்கரை 102 கிராம், முட்டை 4. மாவில் கூடியது ஒரு தேக்கரண்டிகூட இல்லை, முட்டையோ இரட்டிப்பாகிவிட்டது. இது பழைய கேக் அல்ல, வேறு ஏதோ ஒன்று.

6 பேர் என்பது 4 பேரின் எத்தனை மடங்கு என்று கேளுங்கள். 6 ÷ 4 = 1.5. எல்லாவற்றையும் இந்த 1.5-ஆல் பெருக்குங்கள். மாவு 450 கிராம், பால் 300 மி.லி., சர்க்கரை 150 கிராம், முட்டை 3. இப்போது மாவையும் சர்க்கரையையும் எடுத்துப் பாருங்கள்: முன்பு 300:100, இப்போது 450:150. இரண்டும் 3:1. ருசி மாறாது என்பதற்கு அதுதான் சாட்சி. விடை எழுதியதும் இப்படி ஒரு ஜோடியைச் சுருக்கிப் பார்ப்பது நல்ல சோதனை, கால் நிமிடம்கூட ஆகாது.

"பாதி அளவு கூட்டினால் போதும்" என்று சிலர் சொல்வார்கள். அது சரி. 300-உடன் அதில் பாதி 150, 2-உடன் அதில் பாதி 1. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கூட்டவில்லை, ஒவ்வொன்றிலும் அதனதன் பாதியைக் கூட்டுகிறோம். பார்ப்பதற்குக் கூட்டல் மாதிரி இருந்தாலும் உள்ளே நடப்பது 1.5-ஆல் பெருக்குவதுதான்.

7 பேருன்னா? முட்டை மூன்றரை வருதே, கணக்கு தப்பா?

கணக்கு சரி. ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று முதலில் கண்டுபிடியுங்கள்: மாவு 75 கிராம், பால் 50 மி.லி., சர்க்கரை 25 கிராம், முட்டை அரை. இதை 7-ஆல் பெருக்கினால் மாவு 525 கிராம், பால் 350 மி.லி., சர்க்கரை 175 கிராம், முட்டை 3½. ஒன்றுக்கு இறங்கி, அங்கிருந்து வேண்டிய எண்ணுக்கு ஏறும் இந்த வழிக்கு ஓரலகு முறை என்று பெயர். மடங்கு எண் 7/4 போலக் கரடுமுரடாக வரும்போது இதுதான் கைகொடுக்கும்.

அரை முட்டைக்கு, ஒரு முட்டையை உடைத்து நன்றாக அடித்து, எடை பார்த்து, அதில் பாதியை எடுக்கலாம். அல்லது 8 பேருக்கே செய்துவிடலாம், அப்போது எல்லாம் நேராக இரட்டிப்பு. ஆனால் முட்டையை மட்டும் 4 ஆக்கிவிட்டு மற்றதை 7 பேருக்கான அளவில் விட்டால் விகிதம் கெடும். ஒன்றை முழு எண்ணாக்க நினைத்தால் மற்றவற்றையும் அதே மடங்கில் நகர்த்த வேண்டும்.

மாவு கிராம்ல இருக்கு, பால் மி.லி.ல இருக்கு. ரெண்டையும் விகிதமா எழுதலாமா?

கண்டிப்பாகச் சொன்னால் ஒரே வகை அளவுகளுக்கு இடையில்தான் விகிதம் எழுத வேண்டும். 500 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் விகிதம் கேட்டால் 500:1 இல்லை. இரண்டையும் கிராமாக்கி 500:1000, அதாவது 1:2.

மாவையும் பாலையும் 300:200 என்று எடுத்து 3:2 என்று எழுதினால், அந்த 3:2 கிராமுக்கும் மி.லி.க்கும் மட்டுமே பொருந்தும். இதை மறந்துவிட்டு "3 கோப்பை மாவு, 2 கோப்பை பால்" என்று அளந்தால் மாவு தளர்ந்துவிடும். காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். 240 மி.லி. கொள்ளும் கோப்பையில் கோதுமை மாவு ஏறத்தாழ 120 கிராம்தான் பிடிக்கும். எனவே 300 கிராம் மாவு 2½ கோப்பை. 200 மி.லி. பால் ஒரு கோப்பையில் ஆறில் ஐந்து பங்கு. 2½-ஐ 5/6-ஆல் வகுத்தால் 3. அதாவது கோப்பையால் அளந்தால் விகிதம் 3:1. கேக் ஒன்றுதான், அளக்கும் விதம் மாறியதால் எண்கள் மாறின. ஒரே பொருளை அதிகமாக்கவோ குறைக்கவோ செய்யும்போது இந்தச் சிக்கல் வராது. மாவைப் பழைய மாவோடும் பாலைப் பழைய பாலோடும்தான் அப்போது ஒப்பிடுகிறோம்.

முதல் டப்பால நீலம் 2, வெள்ளை 3. ரெண்டாவதுல நீலம் 3, வெள்ளை 4. ரெண்டுலயும் வெள்ளை ஒண்ணுதான் கூடுதல். அப்ப ரெண்டும் ஒரே நிறம்தானே?

எல்லா வகுப்பிலும் இந்தக் கேள்வி வரும், அதனால் இதற்கு நான் அவசரப்பட மாட்டேன். வெள்ளைத் தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்துக் காட்டுவேன். வெள்ளை எப்போதும் நீலத்தைவிட ஒரு சொட்டு அதிகம் என்று வைத்துக்கொள்வோம். முதல் குழியில் நீலம் 0, வெள்ளை 1. அது வெறும் வெள்ளை. அடுத்ததில் 1, 2. மூன்று சொட்டில் ஒன்று நீலம், மங்கலான வானத்து நிறம். அதற்கடுத்து 4, 5. ஒன்பதில் நான்கு நீலம், நிறம் தெளிவாகவே ஏறிவிடும். இப்படியே 100, 101 வரை போனால் கலவையில் ஏறத்தாழ பாதி நீலம். எல்லாக் குழியிலும் வித்தியாசம் 1-தான். ஆனால் ஒரு கோடியில் வெள்ளை, மறுகோடியில் பாதி நீலம்.

0-உம் 1-உம் என்ற முதல் குழியைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். வெறும் வெள்ளையும் வெளிர்நீலமும் ஒரே நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒரு சொட்டு அதிக வெள்ளை, சொட்டுகள் குறைவாக இருக்கும்போது பெரிதாகத் தெரிகிறது, நிறையச் சொட்டுகளுக்கு நடுவில் காணாமல் போகிறது. கழித்தல் இதைப் பார்ப்பதில்லை, வகுத்தல் பார்க்கிறது.

சரி, அப்ப 2:3, 3:4 ரெண்டுல எது அதிக நீலம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு நிறத்தின் அளவைச் சமமாக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள். வெள்ளை 3, 4. இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 12. முதல் டப்பாவை 4 மடங்காக்கினால் 8:12. இரண்டாவதை 3 மடங்காக்கினால் 9:12. வெள்ளை இரண்டிலும் 12. நீலம் ஒன்றில் 8, மற்றதில் 9. இரண்டாவதுதான் கொஞ்சம் அடர்ந்த நீலம். மடங்காக்கும்போது கலவையின் அளவு கூடுகிறதே தவிர நிறம் மாறவில்லை என்பதை மறக்காதீர்கள், முதல் பதிலில் சொன்ன சமான விகிதம்தான் இது.

மொத்தத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். முதலாவது 2/5, அதாவது 0.4. இரண்டாவது 3/7, ஏறத்தாழ 0.43. அதே விடை. ஆனால் ஒரு டப்பாவுக்கு 2/3 என்றும் மற்றதற்கு 3/7 என்றும் கலந்து எடுத்தால் விடை தலைகீழாகிவிடும். 2/3 பெரியது என்று முதல் டப்பாவைச் சொல்லிவிடுவோம். ஒன்று வெள்ளையோடு ஒப்பிட்டது, மற்றது மொத்தத்தோடு ஒப்பிட்டது. இரண்டுக்கும் ஒரே முறை.

குறுக்குப் பெருக்கல் பண்ணா விடை வருது. ஆனா ஏன் வருதுன்னு புரியல.

மேலே செய்ததுதான் அது, நடு வரியை எழுதாமல் செய்கிறோம். 2:3-ஐ 4-ஆல் பெருக்கும்போது நீலம் 2 × 4 = 8. 3:4-ஐ 3-ஆல் பெருக்கும்போது நீலம் 3 × 3 = 9. குறுக்குப் பெருக்கலில் நீங்கள் எழுதும் 8-உம் 9-உம் இவைதான்: வெள்ளை இரண்டிலும் 12 ஆனபோது இருந்த நீலத்தின் அளவு.

இரண்டு பெருக்கற்பலன்களும் சமமாக வந்தால் நீலமும் சமம், வெள்ளையும் சமம், எனவே ஒரே நிறம். "முனை உறுப்புகளின் பெருக்கற்பலன் நடு உறுப்புகளின் பெருக்கற்பலனுக்குச் சமம்" என்று புத்தகத்தில் இருப்பதன் பொருள் இவ்வளவுதான். தெரியாத எண் ஒன்று இருந்தாலும் இதே வழி. 2:3 = x:12 என்றால் 3 × x = 24, x = 8.

ரெண்டு டப்பாவையும் ஒண்ணா ஊத்தினா 5:7 தானே? ஆனா பின்னத்த அப்படிக் கூட்டக் கூடாதுன்னு சொன்னீங்களே?

நல்ல கேள்வி. முதல் டப்பாவில் 2 லிட்டர் நீலம், 3 லிட்டர் வெள்ளை, இரண்டாவதில் 3 லிட்டர் நீலம், 4 லிட்டர் வெள்ளை என்று உண்மையிலேயே இருந்தால், சேர்த்து ஊற்றும்போது நீலம் 5 லிட்டர், வெள்ளை 7 லிட்டர். 5:7 சரி. இது பின்னக் கூட்டல் இல்லை. லிட்டரை லிட்டரோடு கூட்டுகிறோம். 2/5-உம் 3/7-உம் கூடினால் கிடைக்கும் எண்ணை இங்கே யாரும் கேட்கவில்லை.

ஆனால் விகிதம் மட்டும் தெரிந்து அளவு தெரியாவிட்டால் 5:7 என்று எழுதக் கூடாது. முதல் கலவை 10 லிட்டர், இரண்டாவது 7 லிட்டர் என்று வையுங்கள். முதலாவதில் நீலம் 4, வெள்ளை 6. இரண்டாவதில் நீலம் 3, வெள்ளை 4. சேர்த்தால் 7:10. இது 5:7 இல்லை, கொஞ்சம் வெளிர். வெளிரான கலவையை அதிகம் ஊற்றினோம், நிறம் அந்தப் பக்கம் சாய்ந்தது. எந்த அளவில் கலந்தாலும் வரும் நிறம் அந்த இரண்டு நிறங்களுக்கு நடுவில்தான் இருக்கும். உங்கள் விடை அந்த எல்லைக்கு வெளியே போனால் எங்கோ பிழை இருக்கிறது.

2:3 கலந்தாச்சு. ஆனா 3:4 தான் வேணும். எவ்வளவு நீலம் ஊத்தணும்? ஒண்ணு ஊத்தினா போதுமா?

டப்பாவில் 2 லிட்டர் நீலம், 3 லிட்டர் வெள்ளை. ஒரு லிட்டர் நீலம் ஊற்றினால் 3:3 ஆகிவிடும். வெள்ளையும் 4 ஆக வேண்டும் என்பதை மறந்ததால் வரும் பிழை இது.

ஊற்றப் போவது நீலம் மட்டும்தான், வெள்ளை 3 லிட்டராகவே நிற்கும். எனவே மாறாததைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளை 4 பங்கு என்பது 3 லிட்டர் என்றால் ஒரு பங்கு ¾ லிட்டர். நீலம் 3 பங்கு, அதாவது 2¼ லிட்டர். 2 லிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. ¼ லிட்டர் ஊற்றினால் போதும். 2¼:3-ஐ 4-ஆல் பெருக்கிப் பாருங்கள், 9:12. மூன்று கேள்விக்கு முன்னால் பார்த்த அதே எண்கள்.

நிறம் ஏறிவிட்டால் நீலத்தைத் திரும்ப எடுக்க முடியாது, வெள்ளையைத்தான் சேர்க்க வேண்டும். அப்போது மாறாதது நீலம். 3:4-ஐ 2:3 ஆக்க, நீலம் 3 லிட்டருக்கு வெள்ளை 4½ வேண்டும், ½ லிட்டர் வெள்ளை சேர்க்கிறோம்.

கேக் தட்டோட விட்டம் ரெண்டு மடங்குன்னா மாவும் ரெண்டு மடங்கு போட்டா சரியா?

போதாது. 20 செ.மீ. விட்டத் தட்டுக்குப் பதில் 40 செ.மீ. தட்டு எடுத்தால், அகலமும் இரட்டிப்பு, நீளமும் இரட்டிப்பு. பரப்பு 4 மடங்கு. அதே உயரத்துக்குக் கேக் வர 4 மடங்கு மாவு வேண்டும். மாவை இரட்டிப்பாக்கிவிட்டு, அதற்கேற்ற தட்டு தேடினால் 28 செ.மீ. போதும்: 28 × 28 = 784, 20 × 20 = 400. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

வேகும் நேரத்தையும் மடங்கால் பெருக்காதீர்கள். இரண்டு மடங்கு மாவுக்கு இரண்டு மடங்கு நேரம் வைத்தால் கருகிவிடலாம். சூடு உள்ளே போக எடுக்கும் நேரம் கேக்கின் தடிமனைப் பெரிதும் பொறுத்தது. அடுப்பின் வெப்பநிலையை இரட்டிப்பாக்கும் எண்ணமே வேண்டாம்.

அப்ப ஒரு கணக்கு விகிதசமமா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எல்லாத்துக்கும் குறுக்குப் பெருக்கல் போட்டுடறேன்.

பெருக்கத் தொடங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்றை இரட்டிப்பாக்கினால் மற்றதும் இரட்டிப்பாகுமா? ஒன்று பூஜ்யமானால் மற்றதும் பூஜ்யமாகுமா? இரண்டுக்கும் "ஆம்" வராவிட்டால் குறுக்குப் பெருக்கல் போடக் கூடாது.

4 பேர் ஒரு சுவரை 6 மணி நேரத்தில் பூசினால், அதே வேகத்தில் 8 பேர் எவ்வளவு நேரம் எடுப்பார்கள்? குறுக்குப் பெருக்கல் 12 மணி என்று சொல்லும். ஆள் கூடினால் நேரம் கூடுமா? முதல் கேள்வியிலேயே மாட்டிவிட்டது. இங்கே மாறாதது பெருக்கற்பலன்: 4 × 6 = 24, எனவே 8 பேருக்கு 3 மணி. இது எதிர்மாறல்.

இன்னொன்று கொஞ்சம் ஏமாற்றும். 2 லிட்டர் பெயிண்ட் உள்ள டப்பாவை நிறுத்தால் 3.6 கிலோ. அதே டப்பாவில் 4 லிட்டர் இருந்தால் 7.2 கிலோ என்று எழுதத் தோன்றும். பெயிண்டே இல்லாத டப்பாவின் எடை பூஜ்யமா? இல்லை, வெறும் டப்பா 1 கிலோ. இரண்டாவது கேள்வி இங்கே பிடித்துவிடுகிறது. டப்பாவைக் கழித்தால் 2 லிட்டர் பெயிண்ட் 2.6 கிலோ. இப்போது விகிதசமம் பொருந்தும், 4 லிட்டர் 5.2 கிலோ. டப்பாவைத் திரும்பச் சேர்த்தால் 6.2 கிலோ.